ஆசிரியர் குறுக்கிடும் இடம்: ஒரு லாங் கேஸைச் சொல்லும் ஒழுங்கு

ஒரு நோயாளியை முழுமையாக விசாரித்து, பரிசோதித்து, ஆசிரியர் முன் எடுத்துச் சொல்வதுதான் லாங் கேஸ். வார்டில் ஒரு மருத்துவ மாணவர் அப்படிக் கேஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் எந்த இடத்தில் குறுக்கிடுகிறார் என்று குறித்துவைக்கும் பழக்கத்தை எங்கள் யூனிட்டில் இருந்த பி.ஜி. அக்கா ஒருவர் தொடங்கிவைத்தார். "சார் நிறுத்திய இடத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு வாக்கியம் பின்னால் போய்ப் பாருங்கள், அங்கேதான் அவருக்கு வழி தவறியிருக்கும்" என்பார். பார்க்கப் பார்க்க அது சரியென்றே பட்டது. கதை விளங்குகிறவரை எங்கள் சார் வாயைத் திறப்பதில்லை. ஒரு காலக்கணக்கு இடித்தாலோ, ஒரு அறிகுறி எங்கிருந்து முளைத்தது என்று தெரியாமல் போனாலோதான் கேள்வி வரும். நம் அறிவைச் சோதிக்கிறார் என்று எண்ணி மாணவர்கள் பதறுகிறார்கள். அவரோ தான் தொலைத்த நூலைத் தேடிக்கொண்டிருப்பார்.

நான் படித்தது கன்னியாகுமரி மாவட்டத்தில். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். வார்டில் பாதிப் பேர் திருவனந்தபுரத்தில் ஒருமுறை காட்டிவிட்டு, கையில் கனமான ஒரு ஃபைலோடு வந்து படுத்திருப்பார்கள். இந்த ஃபைலைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். முதலில் நோயாளி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.

36 வயதுப் பெண், முந்திரி ஆலைத் தொழிலாளி, இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டு ஆண்டுகளாக மூச்சுத்திணறல், ஆறு மாதங்களாகப் படபடப்பு, இரண்டு வாரங்களாகக் கால் வீக்கம். முதன்மைத் தொந்தரவுகளை இப்படித்தான், நீண்ட நாளுடையதை முதலிலும் நேற்று வந்ததைக் கடைசியிலும் வைத்துச் சொல்ல வேண்டும். நோயாளி அப்படிச் சொல்வதில்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது கால் வீக்கம். ஆகவே வீக்கத்தில்தான் ஆரம்பித்தார். நாமும் வீக்கத்திலிருந்து ஆரம்பித்தால் கேட்பவரின் மனம் உடனே சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று மூன்று பக்கமும் ஓடும். மூச்சுத்திணறலில் தொடங்கி ஒன்றரை ஆண்டு கழித்துப் படபடப்பு, அதன் பிறகு வீக்கம் என்று அடுக்கினால், மூன்றாவது வரி முடியும்போதே அவர் இதயத்தின் பக்கம் சாய்ந்துவிடுவார். ஒரு மருத்துவச் சொல்லையும் நாம் இன்னும் உச்சரிக்கவில்லை. வரிசையே பாதி வேலையைச் செய்துவிட்டது.

இனி ஃபைல். அதில் எக்கோ அறிக்கை இருக்கிறது, 'மைட்ரல் வால்வு சுருக்கம்' என்று எழுதியிருக்கிறது. நோயாளிக்கே தெரியும், உட்கார்ந்தவுடன் "வால்வு சுருங்கிவிட்டதாம் மக்களே" என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும் நம் ஆட்கள் பலர் "இவர் ஏற்கெனவே மைட்ரல் வால்வு சுருக்கம் உள்ளவர்" என்று கேஸைத் தொடங்குகிறார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முடிவு வெளியே வந்த பிறகு நாம் சொல்வதெல்லாம் அதற்கு முட்டுக்கொடுப்பதாகத்தான் கேட்கும். ஆசிரியரும் வரலாற்றை விட்டுவிட்டு நேராக வால்வுக்குத் தாவி, அதன் பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கேட்பார். அதற்காக மறைத்துவைக்கவும் கூடாது. நோயாளிக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லலாம்: "இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் பரிசோதித்து, பலூன் சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார்கள், செய்துகொள்ளவில்லை. ஆறு மாதங்களாக, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து அளவு மாற்றப்படும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்." இது சிகிச்சை வரலாறு, அதன் இடத்தில் வந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அது ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்று கேட்பவரே ஊகித்துக்கொள்வார். ஊகிக்க விடுவது நல்லது.

நான் அதிகம் யோசித்தது வேறொரு இடத்தில்: கதையை எந்த ஆண்டில் தொடங்குவது? தொடர்ச்சியான மூச்சுத்திணறல் இரண்டு ஆண்டுகளாகத்தான். ஆனால் பிரசவங்களைப் பற்றிக் கேட்டபோது, ஆறு ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்த ஆறாம் மாதத்தில் படியேறினால் மூச்சு வாங்கியது, பிள்ளை பிறந்த பிறகு சரியாகிவிட்டது என்றார். மகப்பேறு வரலாற்றில் ஒரு வரியாக இதைப் போட்டால் தவறில்லை. நோட்டில் அந்தத் தலைப்பு நாலாவதோ ஐந்தாவதோ இருக்கும், அங்கே போய் அது புதைந்துவிடும். இந்த நோயில் அது முதல் வரி. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி அளவுக்குக் கூடுகிறது, இதயத் துடிப்பும் வேகமெடுக்கிறது. வேகம் கூடும்போது துடிப்புகளுக்கு இடையிலுள்ள ஓய்வு நேரம் குறைகிறது. சுருங்கிய மைட்ரல் வால்வு வழியாக ரத்தம் இடது கீழறைக்கு இறங்குவது அந்த ஓய்வு நேரத்தில்தான். அதனால் அதுவரை மறைந்திருந்த சுருக்கம் பல பெண்களுக்குக் கர்ப்பத்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது.

ஆகவே நோய் வரலாறு இப்படித் தொடங்கியது (தேர்வில் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்): "ஆறு ஆண்டுகளுக்கு முன்புவரை குறிப்பிடத்தக்க தொந்தரவு இல்லை. இரண்டாவது கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. பிரசவத்துக்குப் பின் தணிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வந்தது, அப்போதிலிருந்து கூடிக்கொண்டே வருகிறது." முதன்மைத் தொந்தரவில் இரண்டு ஆண்டு என்று சொல்லிவிட்டு வரலாற்றில் ஆறு ஆண்டு என்றால் முரண்படாதா என்று நண்பன் ஒருவன் கேட்டான். இடையில் நலமாக இருந்த காலத்தைச் சேர்த்துச் சொன்னால் முரண்பாடு இல்லை. சொல்லாமல் விட்டால் அதே இடத்தில் சார் கையை உயர்த்துவார்.

மூச்சுத்திணறலின் அளவைச் சொல்வதிலும் ஒரு முறை உண்டு. நியூயார்க் இதயச் சங்கத்தின் நான்கு வகுப்புகள் எல்லோருக்கும் மனப்பாடம். "மூன்றாம் வகுப்பு" என்று மட்டும் சொன்னால், "எதை வைத்து?" என்று கேள்வி வரும். எங்கள் ஊர் மேடும் பள்ளமும். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றம்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றத்தில் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போவார். ஆலையில் மூட்டை நகர்த்தும் வேலையை விட்டு, உட்கார்ந்து பருப்புத் தோல் நீக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். ஆறு மாதங்களுக்கு முன் நெஞ்சு தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. அந்த வாரத்திலிருந்து வீட்டுக்குள் பாத்திரம் துலக்கினாலே மூச்சு வாங்கியது, ஆலைக்குப் போவது நின்றுவிட்டது. செயலை முதலில் சொல்லி, வகுப்பைப் பின்னால் சொன்னால் வாதிட எதுவும் இருக்காது: முன்பு இரண்டாம் வகுப்பு, ஆறு மாதங்களாக மூன்றாம் வகுப்பு.

"அந்த வாரத்திலிருந்து" என்ற சொற்களைக் கவனியுங்கள். மெல்ல மெல்லக் கூடிய நோய் ஒரு வாரத்தில் சட்டென்று இறங்கியதென்றால் நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும். இந்த நோயில் அது பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது; துடிப்பு வேகமாகவும் தாறுமாறாகவும் போகிறது; ரத்தம் இறங்கும் நேரம் இன்னும் குறைகிறது. படபடப்பையும் மூச்சுத்திணறலையும் தனித்தனிப் பத்திகளாகச் சொல்கிறவர்கள் இந்த முடிச்சைத் தவறவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டினால், நாடியில் கை வைப்பதற்கு முன்பே அது தாறுமாறாக இருக்கும் என்று கேட்பவர் எதிர்பார்க்கத் தொடங்குவார்.

அடுத்து இல்லை என்று சொல்ல வேண்டியவை. கேஸ் சொல்வதில் மிக மோசமாகச் செய்யப்படும் பகுதி இதுதான் என்பது என் கருத்து. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, தலைவலி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை என்று பலசரக்குச் சீட்டு போல வாசிப்பார்கள். ஒவ்வொரு 'இல்லை'யும் ஒரு கதவை மூட வேண்டும்; கதவே இல்லாத இடத்தில் 'இல்லை' வேண்டாம். எனவே அவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டேன். முதல் கூட்டம், இது இதயம்தானா என்பதற்கு: காலையில் எழும்போது முகம் வீங்கியிருப்பதில்லை, சிறுநீர் குறையவில்லை என்றால் சிறுநீரகம் பின்னுக்குப் போகிறது. காலுக்கு முன் வயிறு உப்பவில்லை, மஞ்சள் காமாலை இல்லை என்றால் கல்லீரல். ஆண்டுக்கணக்கில் சளியோடு இருமல் இல்லை, வீசிங் இல்லை என்றால் நுரையீரல். இரண்டாவது கூட்டம், இந்த நோய் என்னென்ன கெடுதல் செய்திருக்கிறது என்பதற்கு: நீடித்த காய்ச்சல் இல்லை, ஆகவே இதய உள்ளுறைத் தொற்றுக்கு ஆதாரம் இல்லை. கை கால் செயலிழப்போ வாய் கோணலோ வந்ததில்லை, ஆகவே மேலறையிலிருந்து ரத்தக்கட்டி மூளைக்குப் போனதாகத் தெரியவில்லை. சளியில் ரத்தம் வந்ததில்லை. குரல் கம்மவில்லை, பெருத்த இடது மேலறையின் பக்கத்தில் குரல்நாண் நரம்பு நசுங்கினால் கம்மும். இந்த அளவு போதும்.

கேட்க மறந்ததை 'இல்லை' என்று சொல்வது இந்தப் பகுதியில்தான் நடக்கிறது. ஆசிரியர்கள் அதைப் பிடிக்கும் விதம் எளிது: படுக்கைக்குத் திரும்பி நோயாளியிடமே கேட்பார்கள். அவர் "ஆமாம் டாக்டர், போன மாதம் வந்தது" என்றால் அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். "அதைக் கேட்கவில்லை சார்" என்பதற்குப் போகும் மதிப்பெண் அதைவிடக் குறைவு.

பழைய வரலாற்றில் ஒன்றுதான் முக்கியம். 12 வயதில் காய்ச்சலோடு முழங்கால் வீங்கி, அது வடிந்ததும் கணுக்கால் வீங்கி, சில வாரங்கள் பள்ளிக்குப் போகவில்லை. அவருடைய அம்மா அதை வாதப்பனி என்று சொன்னார். பின்னர் 21 நாளுக்கு ஒருமுறை இடுப்பில் ஊசி. மிகவும் வலிக்கும் என்பதால் மூன்றாம் ஆண்டு நிறுத்திவிட்டார்கள். பெரிய மூட்டுகள், ஒன்று மாற்றி ஒன்று, வடுவில்லாமல் ஆறியது, மூன்று வார இடைவெளியில் பென்சிலின் ஊசி: நான்கையும் சேர்த்துச் சொன்னால், பின்னாளில் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் இது என்று நாம் பெயர் சூட்டத் தேவையில்லை. "மூட்டுவலி இருந்தது" என்று மட்டும் சொன்னால் நான்கு கேள்விகள் வரும்.

உடல் பரிசோதனையில் ஒழுங்கு ஏற்கெனவே வகுக்கப்பட்டது. பொதுப் பரிசோதனை, நாடி, ரத்த அழுத்தம், கழுத்துச் சிரை, பிறகு இதயத்தைப் பார்த்தல், தொடுதல், கேட்டல். அதில் மாற்ற ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில்: பாடப்புத்தகத்தில் உள்ள மைட்ரல் சுருக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தால், முன்னால் இருக்கும் நோயாளியோடு அது மோதும்.

என் வகுப்பு நண்பன் ஒருவன் இதே நோயாளியை ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னான். நாடி முற்றிலும் தாறுமாறு, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 104, மணிக்கட்டில் 88, வித்தியாசம் 16 என்று அழகாகச் சொன்னான். வித்தியாசம் பத்துக்கு மேல் இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ஆதரவு என்றும் சேர்த்துக்கொண்டான். சார் தலையசைத்தார். பிறகு, வால்வு வழியாக ரத்தம் பாயும்போது கேட்கும் முணுமுணுப்பு முதல் இதய ஒலிக்கு முன் ஓங்குகிறது என்றான். சார் நிறுத்தினார். அந்த ஓங்கல் வருவது மேலறை கடைசியாக ஒருமுறை அழுத்திச் சுருங்குவதால். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அந்தச் சுருக்கமே இல்லை. ஆகவே கேட்காத ஒலியைக் கேட்டதாகச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கழுத்துச் சிரையின் 'ஏ' அலைக்கும் இதுவே கதி: நுரையீரல் ரத்த அழுத்தம் கூடினால் அது உயரும் என்று புத்தகம் சொல்லும், மேலறை சுருங்காத இவரிடம் அது இருக்க முடியாது. ஆகவே தாளத்தை முடிவு செய்த பிறகு, இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு வரியையும் அந்தத் தாளத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டுச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன்.

முணுமுணுப்பைச் சொல்லும்போது எதையும் விடாமலிருக்க எனக்கு உதவியது, அதைக் கேட்ட செயலின் வரிசையிலேயே சொல்வது. நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தேன். இதய நுனி எங்கே தட்டுகிறதோ அங்கே ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை அழுத்தாமல் வைத்தேன். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னேன். முதல் ஒலி ஓங்கியிருந்தது. இரண்டாம் ஒலிக்குப் பின் ஒரு சொடுக்கு. அதைத் தொடர்ந்து தாழ்ந்த சுருதியில் கரகரவென்று உருளும் ஓசை, வேறெங்கும் பரவவில்லை. இப்படிச் சொன்னால் நாம் உண்மையிலேயே கேட்டோம் என்பது சொல்லாமலே விளங்கும். மணிப்பக்கத்தை அழுத்தினால் தோல் இறுகி அந்தத் தாழ்ந்த ஓசை மறைந்துவிடும்; வார்டில் "கேட்கவில்லையே" என்று முழிப்பவர்களில் பாதிப் பேர் அழுத்திக்கொண்டிருப்பவர்கள். இந்த இடத்துக்குப் பிறகு, மார்பெலும்பின் இடப்பக்கம் உள்ளங்கையைத் தூக்கும் அசைவும், நுரையீரல் வால்வு மூடும் ஒலி ஓங்கியிருப்பதும், வலியுள்ள கல்லீரலும் கால் வீக்கமும் அடுத்தடுத்து வந்தால் பாரம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்ந்த கதை முழுமையாகிவிடுகிறது.

நடுவில் நிறுத்தப்பட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, விட்ட இடத்தைப் பெயர் சொல்லித் தொட்டுத் தொடர வேண்டும்: "கால் வீக்கம் வரை சொல்லியிருந்தேன் சார், அங்கிருந்து போகிறேன்." பலர் பதறி முன்னால் இருப்பதை விழுங்கிவிட்டு அடுத்த தலைப்புக்குத் தாவுகிறார்கள். என் கையில் முழு நோட்டு இருந்ததில்லை. உள்ளங்கை அளவு அட்டையில் தலைப்புகளும் எண்களும் மட்டும். எண்களை நினைவிலிருந்து சொல்வது வீரமல்ல. 104 என்று ஓரிடத்திலும் 110 என்று வேறோரிடத்திலும் சொன்னால் அதை விளக்க ஐந்து நிமிடம் போகும்.

சுருக்கவுரையில் மீண்டும் கதை சொல்லக் கூடாது. வயது, நாளடைவில் கூடிய மூச்சுத்திணறல், ஆறு மாதங்களுக்கு முன் படபடப்போடு சட்டென்று மோசமானது, சிறு வயதில் மூட்டு வீக்கத்தோடு வந்த காய்ச்சல், பரிசோதனையில் தாறுமாறான நாடி, ஓங்கிய முதல் ஒலி, நுனியில் டயஸ்டோலிக் முணுமுணுப்பு, நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியதற்கும் வலப்பக்கச் செயலிழப்புக்கும் அடையாளங்கள். நான்கு வாக்கியம். அதன் பிறகு நோய் முடிவு. அதற்கும் வரிசை உண்டு. காரணம், பாதித்த உறுப்பு, அதன் விளைவு, தாளம், சிக்கல்கள், செயல்திறன்: "ருமாட்டிக் இதய நோய், மைட்ரல் வால்வு சுருக்கம், நுரையீரல் ரத்த அழுத்த உயர்வு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வலப்பக்க இதயச் செயலிழப்பு உண்டு, உள்ளுறைத் தொற்றுக்கோ ரத்தக்கட்டி அடைப்புக்கோ ஆதாரம் இல்லை, மூன்றாம் வகுப்பு." சுருக்கம் கடுமையானது என்று நான் அறுதியிடவில்லை. இரண்டாம் ஒலிக்கும் அந்தச் சொடுக்குக்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகினால் கடுமை என்பார்கள். தாறுமாறான துடிப்பில் அந்த இடைவெளி துடிப்புக்குத் துடிப்பு மாறும். "கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம், எக்கோவில் உறுதி செய்வேன்" என்றேன். அதற்குப் பிறகு சார் வரலாற்றுக்குத் திரும்பவே இல்லை. வார்ஃபரினுக்குப் பதிலாக ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளைக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். மிதமான அல்லது கடுமையான ருமாட்டிக் மைட்ரல் சுருக்கத்தில் வார்ஃபரின் வகைதான் என்றேன். சுருங்கிய வால்வைப் பலூன் வைத்து விரிப்பதற்கு முன் எதைப் பார்ப்பாய் என்றார். மேலறையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்க்க வேண்டும், வால்வில் கசிவும் சுண்ணாம்புப் படிவும் எவ்வளவு என்றும் தெரிய வேண்டும் என்றேன். நோயாளி எங்கள் பேச்சையே கவனித்துக்கொண்டிருந்தார். பலூன் என்ற சொல் காதில் விழுந்ததும், அதற்குத் திரும்பவும் திருவனந்தபுரம்தான் போக வேண்டுமா என்று சாரிடமே கேட்டுவிட்டார். சார் ஃபைலை வாங்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரோடு பேசத் தொடங்கினார்.